ரத்து செய்த வகுப்பு திரும்ப வந்த கதை: மாதத்தின் இரண்டாம் சனியும் விலக்குத் தேதிகளும்

இளவேனில்

எங்கள் குழு ஒரு பழைய முன்பதிவு மென்பொருளைப் பராமரிக்கிறது. அதில் பார்த்த ஒரு சிக்கலைச் சொல்கிறேன். இதே மாதிரி பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஒரு ஓவிய வகுப்பு. 2025 ஜனவரி 11 தொடங்கி, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை 10 மணி. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி வரி கிடையாது. விதி மட்டும்தான் டேட்டாபேஸில் இருக்கிறது; திரையைத் திறக்கும்போது அந்த மாதத்துக்கான தேதியைக் கணக்குப் போட்டுக் காட்டும். மே மாத வகுப்பை ஆசிரியர் 11-ம் தேதி ஞாயிறு மதியம் 2 மணிக்குத் தள்ளினார். ஜூன் வகுப்பை ரத்து செய்தார். பதிவு iCalendar வடிவில் இருக்கிறது: UID தொடரின் அடையாளம், DTSTART தொடக்க நேரம், RRULE திரும்ப வரும் விதி, EXDATE விலக்கிய நேரம், RECURRENCE-ID தனியாக மாற்றிய வகுப்பைச் சுட்டும் நேரம். நேர மண்டலத்தையும் மற்ற வரிகளையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் பதிவு இதுதான்:

```
UID:oviyam-01
DTSTART:20250111T100000
RRULE:FREQ=MONTHLY;BYDAY=2SA
EXDATE:20250614T100000

UID:oviyam-01
RECURRENCE-ID:20250510T100000
DTSTART:20250511T140000
```

அதுவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் அவர் மொத்தத் தொடரையும் 11 மணிக்கு மாற்றினார். உடனே மே மாதத்தில் இரண்டு வகுப்புகள்: 10-ம் தேதி 11 மணிக்கு ஒன்று, 11-ம் தேதி 2 மணிக்கு ஒன்று. ரத்தான ஜூன் 14 வகுப்பும் பட்டியலில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. மாணவர்களுக்கு நினைவூட்டலும் போய்விட்டது. ரத்து செய்த பதிவை யாரும் அழிக்கவில்லை, EXDATE வரி அங்கேயே இருக்கிறது. இதுதான் எல்லோரையும் குழப்பியது.

சரவணன்

எங்கள் பிசியோதெரபி மையத்திலும் இரண்டாவது சனி தோறும்தான். அங்கே `FREQ=WEEKLY;INTERVAL=2;BYDAY=SA` என்று வைத்திருக்கிறார்கள், ஒரு தொந்தரவும் இல்லை. நீங்களும் அப்படி மாற்றிப் பாருங்களேன்.

தேவகி

சரவணன், நீங்கள் சொல்வது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். இளவேனில் கேட்பது மாதத்துக்கு ஒருமுறை. ஜனவரி 11-ல் தொடங்கி உங்கள் விதியை ஓடவிட்டால் பிப்ரவரி 8, மார்ச் 8 இரண்டும் வரும், இடையில் ஜனவரி 25, பிப்ரவரி 22 என்று கூடுதலாகவும் வரும். ஏப்ரலில் 5, 19 என்று விழும். மாதத்தின் இரண்டாவது சனியான 12 வரவே வராது. முதல் மூன்று மாதம் இரண்டாவது சனி கச்சிதமாகப் பொருந்திப் போவதால், சோதித்துப் பார்ப்பவர்கள் இதில் ஏமாந்துவிடுகிறார்கள். இரண்டு இரண்டாம் சனிகளுக்கு இடையே சில சமயம் 4 வாரம், சில சமயம் 5 வாரம். வாரத்தை எண்ணிக்கொண்டு போனால் அது பிடிபடாது.

சரி, இளவேனில் கேள்விக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் பல வருடப் பழக்கம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விலக்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் எல்லாமே. "ஜூன் மாத வகுப்பு ரத்து" என்று EXDATE சொல்லவில்லை. "விதி ஜூன் 14 காலை 10:00 என்று ஒரு நேரத்தைத் தந்தால் அதை எடுத்துவிடு" என்றுதான் சொல்கிறது. DTSTART 11 மணியானதும் விதி தருவது ஜூன் 14, 11:00. பத்து மணிக்கு ஒன்றுமே இல்லை, அதனால் எடுக்கவும் ஒன்றுமில்லை. வரி இருக்கிறது, வேலை போய்விட்டது.

மே மாதமும் அதே கதைதான். RECURRENCE-ID என்பது வகுப்பு எங்கே போனது என்பதைக் குறிப்பதில்லை. முதலில் எந்த நேரத்தில் இருந்திருக்க வேண்டியது என்பதைக் குறிக்கிறது. வகுப்பை ஞாயிறுக்குத் தள்ளி, அப்புறம் இன்னொரு நாளுக்குத் தள்ளினாலும் அது மே 10, 10:00 என்றே இருக்கும். கூகுள் காலண்டரின் ஏபிஐயில் `originalStartTime` என்று ஒரு புலம் இருக்கிறதே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் பதிவில் தாய் விதி நகர்ந்துவிட்டது, அதன் குழந்தையான மே மாத மாற்றுப் பதிவு பழைய முகவரியையே வைத்திருக்கிறது. அதனால் மே 10, 11:00 புதிதாக முளைக்கிறது. மே 11 அனாதையாக நிற்கிறது. சில மென்பொருட்கள் அனாதையையும் காட்டும், சில சத்தமில்லாமல் மறைத்துவிடும். ஒரே பதிவு இரண்டு காலண்டர்களில் இரண்டு விதமாகத் தெரிவது இப்படித்தான்.

கண்டுபிடிப்பது எளிது. தொடரை மாற்றியதும், எல்லா EXDATE, RECURRENCE-ID மதிப்புகளையும் எடுத்து, புதிய விதி தரும் நேரங்களில் ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவை எல்லாம் அனாதைகள்.

சரிசெய்வதில் நேரம் மட்டும் மாறினால் கவலையில்லை. தாயை ஒரு மணி நேரம் நகர்த்தும்போது விலக்குகளின் சாவியான EXDATE, RECURRENCE-ID நேரங்களையும் அதே பரிவர்த்தனைக்குள் ஒரு மணி நேரம் நகர்த்த வேண்டும். EXDATE `20250614T110000` ஆகட்டும், RECURRENCE-ID `20250510T110000` ஆகட்டும். குழந்தையின் DTSTART-ஐ மட்டும் தொடக்கூடாது. ஞாயிறு 2 மணி என்பது ஆசிரியர் தனியாக எடுத்த முடிவு.

அன்பரசன்

இவ்வளவு சிரமம் எதற்கு? நாங்கள் விதியையே நம்புவதில்லை. தொடரை உருவாக்கும்போதே இரண்டு வருடத்துக்கான வகுப்புகளைத் தனித்தனி வரியாக எழுதிவிடுவோம். ஒன்றை ரத்து செய்தால் அந்த வரியில் ஒரு கொடி. தள்ளினால் நேரத்தை மாற்றுவோம். தேடலும் வேகம்.

தேவகி

தேடல் வேகம் என்பது உண்மைதான் அன்பரசன், அறை முன்பதிவு மாதிரி ஒன்றோடொன்று மோதுகிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் நானும் வரிகளாகத்தான் எழுதுவேன். ஆனால் உங்கள் ஆசிரியர் மொத்தத் தொடரையும் 11 மணிக்கு மாற்றினால் என்ன செய்வீர்கள்? எந்த வரி விதியிலிருந்து வந்தது, எது கையால் நகர்த்தியது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு வரியிலும் முதல் நேரத்தை வைத்திருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அதே RECURRENCE-ID-தான்.

அன்பரசன்

எங்களிடம் `edited` என்று ஒரு கொடி இருக்கிறது. அது போதும் என்று நினைக்கிறேன்.

முகில்

அந்தக் கொடி போதாது, எங்கள் அலுவலகத்தில் பார்த்தேன். ஜூலை 12 கூட்டத்தை ஒருவர் ஜூன் 28-க்கு முன்தள்ளினார். விதி மாறியபோது வரிகளை மறுபடியும் எழுதினார்கள்; திருத்திய வரியைத் தொடவில்லை. அது ஜூலையின் இடத்தை நிரப்பியது என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? ஜூலை 12-க்குப் புதிய வரி ஒன்று வந்துவிட்டது.

விதி வைத்திருப்பவர்களுக்கும் இதே ஜூன் 28-ல் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜூன் மாதத் திரைக்கு ஜூன் 1 முதல் 30 வரை மட்டும் விதியை விரித்தால் 14 மட்டும்தான் கிடைக்கும். ஜூலையிலிருந்து உள்ளே நுழைந்ததைப் பார்க்க, மாற்றிய நிகழ்வுகளை அவற்றின் புதிய நேரத்தைக் கொண்டு தனியாகத் தேட வேண்டும். ஜூலைத் திரைக்குப் போனால் மறுபக்கம்: விதி தந்த 12-ஐ, அதன் மாற்று ஜூன் 28-க்குப் போய்விட்டது என்று தெரிந்துகொண்டு மறைக்க வேண்டும். ஒரு தேடல் போதாது, இரண்டு வேண்டும்.

கயல்

நான் மென்பொருள் ஆள் இல்லை, மாணவி. ஒரு பயிற்சிக்கு 6 வகுப்பு என்று பணம் கட்டினேன். ஒன்றை ரத்து செய்தார்கள், காலண்டரில் மொத்தமே 5 தான் இருந்தது. கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது" என்றார்கள். இதுவும் உங்கள் விஷயம்தானா?

தேவகி

இதுவும்தான் கயல். விதியில் `COUNT=6` என்று போட்டிருப்பார்கள். எண்ணி முடித்த பிறகுதான் EXDATE வந்து ஒன்றை எடுக்கும், அதனால் மிச்சம் ஐந்து. iCalendar வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5545 படி அது சரியான நடத்தை. ஆனால் உங்களுக்கு ஆறாவது வகுப்பு தரவேண்டியது அவர்கள் பொறுப்பு. RDATE என்று ஒரு தேதியைக் கூடுதலாகச் சேர்த்தாலே முடிந்தது. சிஸ்டம் மேல் பழி போட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

முகில்

நேர மண்டலத்தை இளவேனில் விட்டுவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். யூடிசியை விட 5 மணி 30 நிமிடம் முந்திய மண்டலத்தில் சனி அதிகாலை 4 மணிக்கு ஒரு தொடர். ஒரு மென்பொருள் அதை யூடிசிக்கு மாற்றிச் சேமித்தது: வெள்ளி இரவு 22:30. விதியையும் `BYDAY=2FR` என்று "திருத்தியது". ஏப்ரலில் பிரச்சினையில்லை, சனி 12, வெள்ளி 11. மார்ச்சில் இரண்டாவது சனி 8-ம் தேதி. அதற்கு முந்தைய வெள்ளி 7, மாதத்தின் முதல் வெள்ளி! மென்பொருள் மார்ச் 14-ஐ எடுத்து, நிகழ்வை 15-ம் தேதிக்குக் கொண்டுபோனது. விதியை உள்ளூர் நேரத்தில்தான் வைக்க வேண்டும், மண்டலத்தின் பெயரோடு. விரித்த பிறகு யூடிசிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இளவேனில்

தேவகி அக்கா, சாவியையும் சேர்த்து நகர்த்தினோம், மே, ஜூன் இரண்டும் ஒழுங்காகிவிட்டன. ரொம்ப நன்றி. இன்னொரு கேள்வி. ஆசிரியர் இப்போது இரண்டாவது சனியை மூன்றாவது சனியாக்க விரும்புகிறார், ஆகஸ்ட் முதல் மட்டும். செப்டம்பர் 13 வகுப்பு ஏற்கெனவே ரத்து. அது செப்டம்பர் 20-ன் ரத்து ஆகுமா, ஆகாதா?

தேவகி

ஆகஸ்டிலிருந்து என்றால் தொடரை இரண்டாக வெட்டுவேன். பழையதற்கு UNTIL, புதியதற்கு வேறு UID. UNTIL-ல் சொல்லும் நேரமும் தொடருக்குள் அடங்கும், அதனால் ஜூலை 12-ன் நேரத்தைக் கொடுங்கள். ஆகஸ்ட் 9-ஐக் கொடுத்தால் பழைய தொடரிலும் ஒரு ஆகஸ்ட் வகுப்பு வந்துவிடும். `RANGE=THISANDFUTURE` என்று ஒரு வழியும் இருக்கிறது, ஆனால் பல மென்பொருட்கள் அதைப் புரிந்துகொள்வதில்லை.

செப்டம்பர் ரத்து பற்றி எந்த விதியும் பதில் சொல்லாது. ஆசிரியருக்கு அந்த மாதமே வேலை இருந்ததா, அந்த ஒரு நாள் மட்டுமா என்பது தரவில் இல்லை. நான் அவரிடமே கேட்கும்படி திரையில் காட்டுவேன்.

அன்பரசன்

கேட்டால் யாரும் படிக்காமல் "சரி" அழுத்திவிடுவார்கள். விலக்குகளை எல்லாம் நீக்கிவிட்டு, நீக்கியவற்றைப் பட்டியலாக மின்னஞ்சலில் அனுப்புவதுதான் பாதுகாப்பு.

முகில்

நீக்கினால் செப்டம்பர் 20-க்கு மாணவர்கள் வந்து நிற்பார்கள். என் வாக்கு கேட்பதற்குத்தான், ஆனால் ஒரே "சரி" பொத்தானாக இல்லாமல் ஒவ்வொரு விலக்குக்கும் தனித் தேர்வாக. வெட்டினால் வேறு UID ஆகிறதே, பழைய தொடருக்கு "வருகிறேன்" என்று சொன்னவர்களின் பதிலையும் புதியதற்கு நகலெடுக்க வேண்டியிருக்கும். அதை நாங்கள் இன்னும் திருப்தியாகச் செய்து முடிக்கவில்லை.