கொப்பளிப்பானா, குரங்கம்மையா? படத்தில எதைப் பாக்கிறது

திருநெல்வேலிப் பெடியன்: டுபாயால வந்த சிநேகிதன், வயது 28. காய்ச்சல் தொடங்கி இண்டைக்கு நாலாம் நாள். முதுகு முழுக்கக் கொப்புளம், உள்ளங்கையில ரெண்டு. உள்ளங்கையில வந்தால் குரங்கம்மைதானே? கொப்பளிப்பான் அங்க வராது எண்டு படிச்சனான்.

தோல் கிளினிக் தாதி: பாதி சரி. வளர்ந்த ஆக்களுக்குக் கொப்பளிப்பானிலயும் உள்ளங்கையில ஒண்டு ரெண்டு வரும். எங்க கூட, எங்க குறைய எண்டுதான் பாக்கவேணும். முதுகிலயும் நெஞ்சிலயும் நெருக்கமா, கைகாலுக்குப் போகப் போக ஐதாகிறது கொப்பளிப்பான்ர போக்கு. முகம், கை, பாதம் எண்டு ஓரங்களில கூடிறது குரங்கம்மையின்ர பழைய போக்கு.

அடுத்தது பருவம். நீங்கள் ஒரு கொப்புளத்தை மட்டும் கிட்டப் பிடிச்சு அனுப்பியிருக்கிறியள், அதில ஒண்டும் சொல்லேலாது. ஒரு கையளவு தோல் படத்துக்குள்ள வரவேணும். அதுக்குள்ளயே புதுப் புள்ளி, தண்ணிக் கொப்புளம், காய்ஞ்ச பொருக்கு எல்லாம் கலந்து கிடந்தால் கொப்பளிப்பான் பக்கம். அது மூண்டு நாலு நாளா அலை அலையா வாறதால அப்பிடி. குரங்கம்மையில அந்த இடத்தில உள்ளதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருவத்தில நிக்கும், பொருக்கு விழ ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும்.

மானிப்பாய் அக்கா: எங்கட மகளுக்கு வேப்பிலை போட்டுத் தண்ணி வாத்து முடிஞ்சுது. தழும்புக்கு என்ன பூசலாம்?

தோல் கிளினிக் தாதி: அக்கா, அது வேற கதை. பொருக்கைச் சுரண்ட விடாதேங்கோ, அது போதும்.

சுகாதாரப் பரிசோதகர்: "ஒரே பருவம்" எண்டதை முழுசா நம்பாதேங்கோ. 2022 இல பரவினதில பலருக்கு ஒண்டு ரெண்டு புண்தான், அதுவும் மறைவிடத்தில. வேறவேற பருவத்திலயும் இருந்தது. முதுகுப் படம் சுத்தமா இருந்தாலும் மறைவிடத்தில புண் இருக்கோ எண்டு வெக்கப்படாமல் கேளுங்கோ. கழுத்து, கவட்டில நெறி கட்டியிருக்கோ எண்டும் கேளுங்கோ. அது படத்தில தெரியாது.

தோல் கிளினிக் தாதி: ஒத்துக்கொள்ளுறன். படத்துக்கு இன்னொண்டு: பிளாஷ் போட்டால் மாநிறத் தோலில சிவப்பு வெளுத்துப்போகும், மேடுபள்ளமும் தெரியாது. யன்னல் வெளிச்சம் பக்கத்தால விழட்டும். மெல்லிய தோலோட பனித்துளி மாதிரி நிண்டால் கொப்பளிப்பான். கெட்டியா, ஆழமா, நடுவில குழி விழுந்தால் குரங்கம்மை. ஊசியால குத்திப் பாக்க வேண்டாம். குரங்கம்மையில சீழ் மாதிரித் தெரியிறது பெரும்பாலும் திண்மமாத்தான் இருக்கும், குத்தினால் புண்தான் மிச்சம்.

திருநெல்வேலிப் பெடியன்: யன்னலடியில எடுத்த படம் போட்டிருக்கிறன். முதுகில மூண்டு பருவமும் தெரியுது. கவட்டில நெறி இருக்கு எண்டும் சொல்லுறான்.

தோல் கிளினிக் தாதி: முதுகு கொப்பளிப்பான் எண்டுது, நெறி குரங்கம்மையோ எண்டு குழப்புது. ரெண்டும் ஒண்டா வந்த ஆக்களும் இருக்கினம்.

சுகாதாரப் பரிசோதகர்: அப்ப படத்தோட நிக்கேலாது. புண்ணில இருந்து பஞ்சுக்குச்சியில எடுத்து பி.சி.ஆர். செய்யவேணும். போக முன்னம் ஆஸ்பத்திரிக்குப் போனில சொல்லுங்கோ, மாஸ்க் போட்டு, நீளக் கை சேட்டோட போகட்டும்.