நீட் எழுதப்போற தோழிக்குப் பொறந்தநாள் வாழ்த்து: உங்க அனுபவம் சொல்லுங்க

கோபிக்காரி
வணக்கமுங்க. என்ற சிநேகிதி நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல தங்கி ரெண்டாவது தடவை நீட்டுக்குப் படிக்கறா. ஏப்ரல் 24 அவளுக்குப் பொறந்தநாள். பரிட்சை மே மாசம் மொத ஞாயிறு. போன வருசம் வீட்லருந்து படிச்சப்ப, பொறந்தநாளுக்கு நானும் அவ பக்கத்துல இருந்தேன். வரிசையா மெசேஜ் வந்துச்சு. பெரியப்பா "வாழ்த்துக்கள் டாக்டரம்மா"ங்கறார். டியூசன் சாரு "நம்ம ஊருக்கே பெருமை சேர்க்கோணும்"ங்கறார். அத்தை "600 தாண்டிருவல்ல கண்ணு?"ங்கறாங்க. எல்லாத்தையும் படிச்சுட்டு போனைக் கவுத்து வெச்சுட்டா. கேக் வெட்டறப்ப சிரிச்சா. அப்பறம் பாத்ரூம்ல பைப்பைத் தொறந்து விட்டுட்டு ரொம்ப நேரம் வெளிய வரவேயில்ல.

யாரும் கெட்ட எண்ணத்துல எழுதல. ஆனா இந்த வருசம் நான் எழுதறதும் அந்த வரிசையில சேரக்கூடாதுன்னு இருக்குது. இதே மாதிரி யாருக்காச்சும் வாழ்த்து எழுதுனவங்க, இல்ல வாங்குனவங்க இருந்தா சொல்லுங்க.

திருப்பூர் தம்பி
பரிட்சைங்கற பேச்சையே எடுக்காதீங்க அக்கா. என்ற கூட்டாளி சி.ஏ. எழுதறப்ப நான் வெறும் மீம்ஸாத்தான் அனுப்புவேன். அவன் ஜாலியா இருந்தான்.

பல்லடத்தார்
வாழ்த்தோட இதையும் சேர்த்துப் போடுங்க அம்மிணி. உயிரியல்ல 90 கேள்வி, 360 மார்க்கு. அதை மொத 45 நிமிசத்துல முடிச்சுட்டு வேதியியலுக்குப் போகச் சொல்லுங்க. தப்பு விட்டா ஒரு மார்க்கு போகும், தெரியாததைக் குத்த வேண்டாம். ராத்திரி அஞ்சு பாதாம் ஊற வெச்சு காலைல சாப்பிடச் சொல்லுங்க. என்ற பையன் அப்படித்தான் பண்ணினான்.

பொள்ளாச்சி வாசி
எனக்குப் பரிட்சையே வேற, டி.என்.பி.எஸ்.சி. ஆனா வாழ்த்து வாங்குன ஆளுங்கற முறைல சொல்றேன். நம்மாளுக்குப் பொறந்தநாளுன்னாலே "இன்னொரு வயசு போச்சு, வயசு வரம்பு கிட்ட வந்துருச்சு"ன்னுதான் தோணும். போன தடவை சித்தப்பா "இந்த வருசமாச்சும் நல்ல சேதி சொல்லு"ன்னு வாழ்த்துனாரு. அந்த "ஆச்சும்" இருக்குது பாருங்க, அன்னைக்கு முழுக்க அதையேதான் மென்னுட்டு இருந்தேன். அதே நாளு கூடப் படிக்கற பையன் ஒருத்தன் "மச்சான், ஹேப்பி பர்த்டே. சாயங்காலம் டீக்கடைக்கு வர்றியா, வராட்டியும் பரவால்ல"ன்னு போட்டான். அதுக்கு மட்டுந்தான் பதில் போட்டேன்.

பெருந்துறை அக்கா
உண்டு உறைவிடப் பள்ளிகள்ல பல வருசம் மாணவர் ஆலோசகரா இருந்தவ நான். ஹாஸ்டல்ல போன் தர்ற அந்தக் கொஞ்ச நேரத்துல பிள்ளைக என்ன படிச்சுட்டு அழுதாங்கன்னு பார்த்திருக்கேன். திட்டு வாங்கி அழுததைவிட, "நீ கண்டிப்பா வாங்கிருவ"ங்கறதைப் படிச்சு அழுததுதான் அதிகம். மாதிரித் தேர்வுல மார்க்கு இறங்கிப் போன வாரமா இருந்தா அந்த "கண்டிப்பா" ஒரு கடன் மாதிரி ஆயிருது, "இவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது"ன்னு.

திருப்பூர் தம்பி சொன்னது பாதி சரி. பரிட்சையைப் பத்தி நாம கேள்வி கேக்கக்கூடாது. ஆனா அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்கற மாதிரி நடிச்சா, வீட்ல எல்லாரும் குசுகுசுன்னு பேசிட்டு நம்மளைப் பார்த்ததும் நிறுத்துற மாதிரி இருக்கும். ஒரே வரியில "இப்ப பாரமா இருக்கும்னு தெரியும்"னு சொல்லிட்டு நகர்ந்துருங்க.

பல்லடத்து அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, அதெல்லாம் அவளுக்கு வாத்தியாருங்க தினமும் சொல்றதுதான். பொறந்தநாள்ல வேண்டாமுங்க.

கோபி கண்ணு, நீ எழுதி வெச்சது ஏதாச்சும் இருந்தா இங்க போடு, பார்க்கலாம்.

கோபிக்காரி
இதுதானுங்க அக்கா, இன்னும் அனுப்பல:

"ஹேப்பி பர்த்டே டீ! இன்னும் கொஞ்ச நாள்தான். நீ எவ்வளவு உழைச்சேன்னு எனக்குத் தெரியும், உன்னால முடியும். எப்படிப் போகுது படிப்பு? சீட் வாங்கிட்டு வா, சேர்ந்து கொண்டாடலாம். படிச்சதும் பதில் போடு."

பெருந்துறை அக்கா
மனசு நல்லாத்தான் இருக்குது. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

"இன்னும் கொஞ்ச நாள்தான்": ஹாஸ்டல் சுவத்துல நாள் எண்ணிக்கை எழுதியே இருக்கும், நீயும் எண்ண வேண்டாம். "எப்படிப் போகுது?"ன்னா அவ "நல்லாப் போகுது"ன்னு பொய் சொல்லோணும், இல்ல நிஜத்தைச் சொல்லி நீ ஆறுதல் சொல்றதையும் கேக்கோணும். "படிச்சதும் பதில் போடு"ன்னா அவ வேலைப் பட்டியல்ல இன்னொண்ணு ஏறுது. ரொம்ப முக்கியமானது "சீட் வாங்கிட்டு வா, கொண்டாடலாம்". அதுல உன்ற சிநேகிதத்துக்கே ஒரு நிபந்தனை ஒளிஞ்சுட்டு இருக்குது. சீட் வராட்டி? அவ மனசு அங்கதான் போகும்.

அவளைப் பத்தி, படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒண்ணை எழுது. நீங்க ரெண்டு பேரும் எங்க சுத்துனீங்க, என்ன சாப்பிட்டீங்க. அவ வெறும் ரேங்க் நம்பர் இல்லைங்கறதை நீ சொல்லாமயே அது சொல்லிரும். சின்னதா இருக்கட்டும், கிடைக்கற நேரத்துல அவ அம்மாகிட்டயும் பேசோணுமில்ல. போன் அவ கையில இருந்தா ராத்திரி பன்னெண்டுக்கு அனுப்பாத. நீட் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான், ஆனாலும் இந்த வாரத்துல ஒரு ராத்திரி தூக்கம் கெட்டா மறுநாள் முழுக்க இழுக்கும்.

கோபிக்காரி
மாத்திட்டேன், பாருங்க அக்கா:

"பொறந்தநாள் வாழ்த்து அம்மிணி. கொடிவேரியில மீன் வறுவல் வாங்குனப்ப நீ முள்ளு எடுத்து எடுத்து எனக்கே குடுத்துட்டு, கடைசில நீ வெறும் வெங்காயம் தின்னது நெனப்பு வந்துச்சு. இப்ப எல்லாம் பாரமா இருக்கும்னு தெரியும். பேசோணும்னா பேசு, வேண்டாம்னா எங்கிட்ட ஊர்க்கதை நெறைய இருக்குது. மே ரெண்டாவது ஞாயிறு கொடிவேரி போறோம், பரிட்சை எப்படிப் போனாலும். இந்தத் தடவை முள்ளு நான் எடுக்கறேன். பதில் போட வேண்டாம், தூங்கு."

திருப்பூர் தம்பி
அக்கா இது சூப்பர். ஆனா "எப்படிப் போனாலும்"ங்கறது எனக்கு உறுத்துது. "நீ தோத்துருவேன்னு நெனைக்கறியா?"ன்னு அவங்களுக்குத் தோணாதா?

பொள்ளாச்சி வாசி
எனக்கு அது நிம்மதியாத்தான் இருந்திருக்கும் தம்பி. அந்த வார்த்தைக்குத்தான் நான் ஏங்கிட்டு இருக்கேன்.

பெருந்துறை அக்கா
ரெண்டும் நடந்து பார்த்திருக்கேன். மொத தடவை எழுதற பிள்ளைக்கு உறுத்தலாம், ஒரு தடவை கிடைக்காமப் போன பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆறுதல்தான். தேதியை மட்டும் உறுதியாச் சொல்லிட்டு அந்த வார்த்தையை எடுத்துட்டாலும் அர்த்தம் போயிராது. அவளை உனக்குத்தான் தெரியும் கண்ணு.

ஒண்ணு கேக்கோணும். கடைசியா பேசுனப்ப எப்படி இருந்தா?

கோபிக்காரி
"படிச்சதெல்லாம் மறந்துபோற மாதிரி இருக்குது, சாப்பாடு இறங்கல"ன்னா.

பெருந்துறை அக்கா
மறக்கற மாதிரி இருக்குதுங்கறது இந்த நாள்ல நெறையப் பேரு சொல்றதுதான். சாப்பாடும் தூக்கமும் நாள்கணக்கா இல்லைன்னாலோ, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி"ங்கற மாதிரி ஒரு பேச்சு வந்தாலோ, வாழ்த்தோட நிறுத்தாத. "செத்துப் போயிரலாம்னு தோணுதா?"ன்னு நேராவே கேளு. கேக்கறதால அந்த எண்ணம் வந்துராது. உடனே அவ அம்மாவுக்கும் வார்டனுக்கும் சொல்லு, ரகசியம்னு வெச்சுக்காத. 14416 டெலி மானஸ்ங்கற மனநல உதவி எண்ணு, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசில்ல. நம்ம மாநிலத்து 104-லயும் பேசலாம். நீயே கூப்பிட்டு "சிநேகிதிக்கு இப்படி"ன்னு கேக்கலாம்.

பல்லடத்தார்
அம்மிணி, என்ற பையன்கிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். "அப்பா, நீங்க எனக்குப் பாதாம் கணக்குத்தான் சொன்னீங்க, ஒரு நாளும் மீன் வாங்கித் தர்றேன்னு சொல்லலையே"ங்கறான். என்னத்தைச் சொல்ல!

கோபிக்காரி
"எப்படிப் போனாலும்"ஐ எடுக்கலீங்க. அவளுக்கு அது வேணும்னு எனக்குத் தோணுது. பொறந்தநாளு அன்னைக்கு அவ கையில போன் இருக்காது, அதனால கடுதாசியாவே எழுதி, ஞாயித்துக்கிழமை பார்க்கப் போற அவ அம்மாகிட்ட கச்சாயத்தோட குடுத்து விட்டிருக்கேன். சாப்பாட்டு விசயத்தையும் அவங்க காதுல போட்டு, வார்டன்கிட்டக் கேக்கச் சொல்லியிருக்கேன்.

பொள்ளாச்சி வாசி
என்ற பொறந்தநாளு ஆவணியிலங்க. மீன் வறுவலுக்கு நானும் ரெடி.