பூம்பாறை மேலத்தெரு குழு: கேரட் கழுவும் மோட்டார்

செல்வி, காலை 6:42
அனைவருக்கும் வணக்கம். கேரட் கழுவும் பழைய உருளை ஒன்றை நேற்று வாங்கி வந்தோம். அதில் உள்ள 2 எச்.பி. மோட்டார் மூன்று ஃபேஸில் ஓடக்கூடியது. எங்கள் களத்துக்கு வருவதோ சிங்கிள் ஃபேஸ் மட்டும்தான். மூன்றாவது வயரில் ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்தால் போதும் என்று விற்றவர் சொன்னதை நம்பி, 36 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரைச் சேர்த்துப் பார்த்தோம். வெறும் உருளை தயங்கித் தயங்கிச் சுற்றியது. நாலு கூடை கேரட்டைக் கொட்டியதும் உறுமிக்கொண்டே நின்றுவிட்டது. மோட்டார் பழுதா, இணைப்புத் தவறா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பாண்டி, காலை 6:58
மோட்டார் பழுதாக இருக்காது, செல்வி. ஒட்டன்சத்திரத்தில் என் மச்சான் தோட்டத்தில் 5 எச்.பி. மோட்டாரையே கெப்பாசிட்டர் வைத்துத்தான் ஓட்டினோம். இணைப்பு எதையும் மாற்றவில்லை, தண்ணீரும் குறையாமல் வந்தது. நீங்கள் போட்ட கெப்பாசிட்டர் சிறியது. பெரிதாகப் போட்டால் 2 எச்.பி. முழுவதும் கிடைக்கும்.

ராசாத்தி அத்தை, காலை 7:05
எங்கள் வீட்டு மின்விசிறியும் இப்படித்தான் கையால் தள்ளினால்தான் சுற்றும் என்று இருந்தது. புதுக் கெப்பாசிட்டர் போட்டதும் சரியாகிவிட்டது. நீயும் புதிதாக ஒன்று வாங்கிப் போடு, செல்வி.

முருகேசன் சித்தப்பா, காலை 7:31
அத்தை, உங்கள் விசிறி சிங்கிள் ஃபேஸுக்காகவே சுற்றப்பட்டது. அதற்குரிய கெப்பாசிட்டர் செத்துப்போனால் மாற்றினால் போதும். செல்வி வைத்திருப்பது வேறு வகை. பாண்டி சொல்வதும் நடந்ததுதான், ஆனால் அவர் மச்சான் தோட்டத்தில் வந்தது இரண்டு ஃபேஸ். அந்த இரண்டுக்கும் நடுவே 415 வோல்ட் இருக்கும். ஆகவே இணைப்பை மாற்றாமலேயே சுருளுக்குப் போதிய மின்னழுத்தம் கிடைத்தது. அப்படி ஓட்டினால் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒரு பக்கம் மட்டும் சுமை ஏறும் என்பது தனிக் கதை. செல்வியின் களத்தில் ஒரு ஃபேஸும் நியூட்ரலும்தான். 240 வோல்ட்டுக்கு மேல் இல்லை. செல்வி, மோட்டார் தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லம்மா. மூடியைத் திறந்து, உள்ளே எத்தனை வயர் வெளிவருகிறது என்பதையும் பார்.

செல்வி, காலை 7:50
தகட்டில் 1.5 கிலோவாட், 415 வோல்ட், ஸ்டார், 3.4 ஆம்பியர், 1440 சுற்று என்று இருக்கிறது, சித்தப்பா. மூடிக்குள் மூன்று வயர்தான் இருக்கிறது.

முருகேசன் சித்தப்பா, காலை 8:14
அப்படியானால் நோய் தெரிந்துவிட்டது. மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சிடும் ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட் கொடுக்கும்போது ஒவ்வொரு சுருளுக்கும் 240 வோல்ட் போகும். அந்தச் சுருள் அதற்காகத்தான் சுற்றப்பட்டிருக்கிறது. நீ அதே ஸ்டாருக்கு 240 வோல்ட்டைக் கொடுத்ததால், சுருளுக்கு 140 வோல்ட் அளவில்தான் போயிருக்கும். மின்னழுத்தம் பாதியை ஒட்டிக் குறைந்தால் முறுக்குவிசை பாதியாகக் குறைவதில்லை, மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிடும். எந்தக் கெப்பாசிட்டரைப் போட்டாலும் அந்த இழப்பு திரும்பி வராது. முதல் வேலை, சுருள்களை முனையோடு முனை சேர்த்து முக்கோணமாக இணைக்கும் டெல்டாவுக்கு மோட்டாரை மாற்றுவது. அப்போது சுருளுக்கு 240 வோல்ட் முழுதாகப் போகும். சிறிய மோட்டார்களில் ஸ்டார் முடிச்சைச் சுருளின் உள்ளேயே போட்டுக் கட்டிவிடுவதால்தான் மூன்று வயர் மட்டும் வெளியே தெரிகிறது. வைண்டிங் கடைக்காரர் வார்னிஷை இளக்கி அந்த முடிச்சைப் பிரித்து, ஆறு முனைகளையும் வெளியே எடுத்துத் தர வேண்டும். எது தொடக்கம், எது முடிவு என்று அவர் குறித்துத் தருவது மிக முக்கியம். ஒரு சுருள் தலைகீழாகப் போனால் மோட்டார் உறுமும், சூடேறும், சுற்றாது.

பாண்டி, காலை 8:22
சரி அண்ணே, டெல்டாவாக மாற்றிவிட்டுக் கெப்பாசிட்டர் போட்டால் 2 எச்.பி. கிடைக்கும்தானே?

முருகேசன் சித்தப்பா, காலை 8:47
கிடைக்காது தம்பி. மூன்று ஃபேஸ் இருக்கும்போது மூன்று சுருளும் சமமாகப் பங்கு எடுத்து இழுக்கும். கெப்பாசிட்டர் மூன்றாவது ஃபேஸைப் போல ஒன்றை உண்டாக்குகிறதே தவிர, அது ஒரே ஒரு சுமையில்தான் சரியாகப் பொருந்தும். சுமை கூடினாலும் குறைந்தாலும் சமநிலை கெடும். அதனால் 2 எச்.பி. மோட்டாரை ஒன்றேகால், மிஞ்சிப்போனால் 1.4 எச்.பி. மோட்டாராக எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு. அதைவிடப் பெரிய இழப்பு, கிளம்பும் நேரத்தில். இந்த மோட்டார் ஓடும்போது தரவேண்டிய முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டர். மூன்று ஃபேஸில் கிளம்பும்போது அதைப்போல் இரண்டு மடங்காவது தரும். ஓடுவதற்கான கெப்பாசிட்டரை மட்டும் வைத்துக் கிளப்பினால் இரண்டோ மூன்றோ நியூட்டன் மீட்டர்தான் வரும். உன் மச்சானின் பம்ப் நின்ற நிலையில் ஒன்றும் கேட்காது, வேகம் ஏற ஏறத்தான் சுமை கேட்கும். ஆகவே உனக்குக் குறை தெரியவில்லை. ஈரக் கேரட் நிறைந்த உருளை முதல் சுற்றிலேயே முழு பலத்தையும் கேட்கும்.

செல்வி, காலை 8:55
எவ்வளவு கெப்பாசிட்டர் போட வேண்டும், சித்தப்பா?

முருகேசன் சித்தப்பா, காலை 9:20
ஒரு கிலோவாட்டுக்கு 70 மைக்ரோ ஃபாரட் என்பது கைக்கணக்கு. உனக்கு 105 வருகிறது. 36 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் கெப்பாசிட்டர்கள் மூன்றைப் பக்கவாட்டில் இணைத்தால் 108 ஆகும். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடாதே. டெல்டாவில் உன் மோட்டாரின் வயர் ஒவ்வொன்றிலும் போகலாம் என்பது 5.9 ஆம்பியர். 108 போட்டால், கெப்பாசிட்டர் வழியாகப் போகும் வயரில் 8 ஆம்பியர் வரை, வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் காட்டும். எடை குறைந்த வேலைக்கு இதே அளவை விட்டுவைத்திருந்த ஒரு மோட்டாரை நானே பார்த்திருக்கிறேன்; வேலையே இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அதிகமாகக் கொதித்தது, சுமை ஏற்றியதும் சூடு இறங்கியது. அந்த அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொள். ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றி 72 ஆக்கினால் அந்த வயரில் ஐந்தரைக்கு இறங்கும். நீ வழக்கமாகக் கழுவும் அளவு கேரட்டைப் போட்டு ஓடவிட்டு, மூன்று வயரையும் அளந்து, எதுவும் 5.9-ஐத் தாண்டாதபடி வைத்துக்கொள்வதுதான் சரியான அளவு.

கிளப்புவதற்குத் தனியாக 150, 200 மைக்ரோ ஃபாரட் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பொத்தானோடு சேர்க்கலாம். பொத்தானை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அழுத்தக் கூடாது. அந்த வகை தொடர்ந்து ஓடுவதற்கானது அல்ல, வெடித்துவிடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரை அதன் முனைகளில் தொட்டு, பல்பு மினுங்கி அணைந்த பிறகே கை வைக்க வேண்டும். என் ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்றின் நுனியில் இன்றும் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அது பல்பு தேடச் சோம்பல்பட்ட ஒரு நாளில் வந்தது.

லூர்து, காலை 9:41
நான் தச்சுப் பட்டறையில் 1 எச்.பி. கடைசல் இயந்திரத்தைக் கெப்பாசிட்டரில் ஓட்டிச் சலித்துப்போய், மூன்று ஆண்டுகளுக்கு முன் டிரைவ் போட்டேன். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் உள்ளே போகிறது, மூன்று ஃபேஸ் 230 வோல்ட் வெளியே வருகிறது. சித்தப்பா சொன்ன டெல்டா மாற்றம் இதற்கும் வேண்டும். வாங்கிய புதிதில் நான் ஸ்டாரிலேயே விட்டுவிட்டேன், மரத்தில் உளி பட்டதும் நின்றது. மாற்றிய பிறகு கிளம்பும் பலம் முழுதாக இருக்கிறது, மூன்று வயரிலும் ஒரே அளவு ஆம்பியர். கெப்பாசிட்டர்களையெல்லாம் கழற்றிவிட வேண்டும். டிரைவுக்குப் பின்னால் ஒன்று இருந்தாலும் டிரைவ் போய்விடும். ஆனால் மாலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் 185 வோல்ட்தான் வருகிறது, அப்போது டிரைவ் தானாகவே நின்றுவிடுகிறது. அதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

பாண்டி, காலை 9:49
அப்படியென்றால் டிரைவில் இழப்பே இல்லை என்று சொல்லலாமா?

முருகேசன் சித்தப்பா, காலை 10:16
இழப்பு இடம் மாறுகிறது, பாண்டி. உள்ளே வராத மின்னழுத்தத்தை டிரைவ் வெளியே தராது. டிரைவ் ஹெர்ட்ஸை மாற்றித்தான் மோட்டாரின் வேகத்தை மாற்றும். 190 வோல்ட் வந்தால், 40 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் மோட்டாருக்கு முழு முறுக்குவிசை. 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், திணறும்போது தாக்குப்பிடிக்கும் விசை மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி இறங்கும். லூர்து, மாலையில் வேகத்தை 38 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்க்கலாம், ஆனால் வரும் மின்னழுத்தம் டிரைவின் கீழ் எல்லைக்கே போய்விட்டால் அதுவும் உதவாது.

அடுத்தது, உள்ளே இழுக்கும் மின்சாரம். செல்வியின் மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 1.9 கிலோவாட் எடுக்கும். டிரைவ் மின்சாரத்தைச் சீராக இழுக்காமல் துடிப்புத் துடிப்பாக இழுப்பதால், எட்டரை ஆம்பியரில் முடியவேண்டியது 13 ஆம்பியர் வரை போகும். மீட்டரிலிருந்து களம் எவ்வளவு தூரம், செல்வி?

செல்வி, காலை 10:22
60 மீட்டர் இருக்கும், சித்தப்பா. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்தான் போட்டிருக்கிறோம்.

முருகேசன் சித்தப்பா, காலை 10:38
அப்படியென்றால் வழியிலேயே 11, 12 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் ஏழு வோல்ட்டில் நிற்கும். இன்னொன்று, நம் ஊர் உயரம். டிரைவும் மோட்டாரும் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அதற்கு மேல் காற்று மெலிந்து, சூடு வெளியேறுவது குறைகிறது. டிரைவுக்கு 100 மீட்டருக்கு ஒரு சதவீதம் என்று கழிப்பது வழக்கம். நாம் 2,000 மீட்டரை ஒட்டி இருப்பதால் பத்து சதவீதம் போகும். ஆகவே 2 எச்.பி. மோட்டாருக்கு 3 எச்.பி. டிரைவ் வாங்குவது நல்லது.

ராசாத்தி அத்தை, காலை 10:50
இந்தப் பனியில் அந்தப் பெட்டி நனைந்து போகாதா?

லூர்து, காலை 10:57
போகும் அத்தை. விடியற்காலையில் என் பெட்டியின் உள் தகட்டில் முத்து முத்தாக நீர் நின்றதை நானே பார்த்தேன். இப்போது அதை மூடிய பெட்டிக்குள் வைத்து, இரவில் ஒரு சிறிய பல்பை எரியவிடுகிறேன். களத்தில் தண்ணீர் தெறிக்கும் என்பதால், செல்வி அதை உருளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

பாண்டி, காலை 11:08
என்ன இருந்தாலும் டிரைவ் விலை அதிகம். வெறும் உருளையைக் கிளப்பிவிட்டு, வேகம் பிடித்த பிறகு கேரட்டைக் கொட்டினால் கெப்பாசிட்டரே போதும் என்றுதான் எனக்குப் படுகிறது.

முருகேசன் சித்தப்பா, காலை 11:15
அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. ஒரு நேரத்தில் போடும் கேரட்டை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் ஓடும். நடுவில் மின்சாரம் போய் வந்தால், உள்ளே இருப்பதை அள்ளி வெளியே போட்டால்தான் மறுபடி கிளம்பும்.

செல்வி, காலை 11:32
போன அறுவடையின்போது காலையில் மட்டும் மூன்று முறை மின்சாரம் போனது, சித்தப்பா. டெல்டா மாற்றம் இரண்டு வழிக்கும் வேண்டும் என்பதால் முதலில் மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்கு அனுப்புகிறேன். ஆறு வயரோடு வந்ததும் 72 மைக்ரோ ஃபாரட் வைத்து ஓட்டி, மூன்று வயரின் ஆம்பியரையும், மாலை ஏழு மணிக்குக் களத்தில் வரும் வோல்ட்டையும் அளந்து இங்கே எழுதுகிறேன். லூர்து அண்ணன், உங்கள் கிளாம்ப் மீட்டர் வரும் சனிக்கிழமை கிடைக்குமா?

லூர்து, காலை 11:36
வெள்ளிக்கிழமை மாலையே கொடுத்துவிடுகிறேன், அம்மா. பேட்டரி மட்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.