பிளேட் எடை கணக்கில் 7.85-ஐ 785 ஆக்கினால் என்ன ஆகும்: உங்கள் அனுபவம்?

ஓசூர் ஃபேப்ரிகேஷன்
2500 × 1250 அளவு, 8 மில்லி, எம்.எஸ். பிளேட் 6. எஸ்டிமேட் தாளில் மொத்தம் 117.75 கிலோன்னு இருந்துச்சு. அதை நம்பி முக்கால் டன் வண்டி போச்சு. மூணாவது பிளேட் ஏறும்போதே பின் டயர் உட்கார ஆரம்பிச்சுது. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்துட்டு தாளைப் பார்த்தார். பெரிய வண்டி மாத்தி எடை மேடையில போட்டா, காலி வண்டி கழிச்சு 1130 கிலோ.

தப்பு ஒரே இடம்தான். 7.85 கிராம்/செ.மீ³-ஐ மீட்டருக்கு மாத்த 100-ஆல பெருக்கி 785 போட்டிருக்கு. சரியாப் போட்டா 1177.5 வரணும். எடை மேடைக்கும் அதுக்கும் 47 கிலோ வித்தியாசம். அதுதான் இன்னும் உறுத்துது.

தர்மபுரி வெல்டிங்
அண்ணா, 1000-ஆல பெருக்கணும், 7850, அவ்வளவுதான். கிராம் கிலோ ஆகுதுல்ல, அதுக்குத்தான் 1000. மீதி 47 கிலோவுக்கு 7.85 தான் காரணம். 1130-ஐ உங்க கன அளவு 0.15 மீ³-ஆல வகுத்தா 7533. இப்ப வர்ற மெட்டீரியல் 7.53 தான்னு வெச்சுக்கோங்க.

பிளேட் கட்டிங்
விடை 7850 சரி தம்பி, காரணம் தலைகீழ். கிராமைக் கிலோவாக்கினா எண் குறையணும், ஏறக் கூடாது. ஒரு கன மீட்டர்ல நீளத்துக்கு 100, அகலத்துக்கு 100, உயரத்துக்கு 100, ஆக 10 லட்சம் கன செ.மீ. ஒண்ணுக்கு 7.85 கிராம்னா 78,50,000 கிராம். அதை 1000-ஆல வகுத்தாத்தான் 7850 கிலோ. 785 போட்டவர் நீளத்துக்கு மட்டும் 100 எடுத்துட்டு மத்த ரெண்டையும், கிராமையும் விட்டுட்டார்.

தாளைப் பார்த்ததும் தப்பைப் பிடிக்க ஒரு வழி: ஒரு சதுர மீட்டர், ஒரு மில்லி கனம், 7.85 கிலோ. இந்தப் பிளேட் 3.125 சதுர மீட்டர். 8 மில்லிக்கு 62.8-ஆல பெருக்கினா ஒரு பிளேட் 196.25 கிலோ. தாள்ல ஒரு பிளேட்டுக்கு 19.6-ன்னு இருந்தா ரெண்டு பேர் கையால தூக்கலாம்னு அர்த்தம். 8 மில்லி முழு பிளேட்டை யார் அப்படித் தூக்குறாங்க?

எக்செல்ல மில்லி அளவாவே போடுறவங்களுக்கு, A, B, C-ல நீளம், அகலம், கனம்:

```
=A2*B2*C2*7850/10^9
```

7850-க்குப் பதில் 7.85 போட்டா கீழே 10^6 வரணும். ரெண்டையும் கலந்தா ஆயிரம் மடங்கு தப்பும்.

7.53-ன்னு எம்.எஸ். கிடையாது. எடை குறைஞ்சா அடர்த்தியை மாத்தாதீங்க, அளவைப் பாருங்க. 1130-க்கு கனம் சுமார் 7.68 மில்லி ஆகுது, 8 மில்லின்னு வர்ற பிளேட்ல அது நடக்குற விஷயம்தான். இல்லன்னா பிளேட் 8க்கு 4 அடி, அதாவது 2440 × 1220. அப்போ முழு 8 மில்லியிலயும் 6 பிளேட் 1122 கிலோ. எடை மேடை 10 கிலோ படியில காட்டினா, காலி வண்டி, லோடு வண்டி ரெண்டு எடையிலயும் சேர்ந்து 10 கிலோ வரை தள்ளிப் போகலாம். 1130-ஐ வெச்சு ரெண்டுல எதுன்னு சொல்ல முடியாது.

கிருஷ்ணகிரி ஸ்லாப்
நம்ம ஊர் கிரானைட்டுக்கும் இதே 1000 தானே? 2.7 போட்டா 2700, 20 மில்லி ஸ்லாப் ஒரு சதுர மீட்டர் 54 கிலோ, சதுர அடிக்கு 5 கிலோ. கருப்புக் கல்லுக்கு 3 கிட்டப் போகும், அதே 2700-ஐ வெச்சு வண்டி சொன்னா மாட்டிக்குவீங்க. ஸ்டீல்காரங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.

பிளேட் கட்டிங்
இருக்கு. 304 எஸ்.எஸ். 8 கிட்ட, அலுமினியம் 2.7. எம்.எஸ். ஷீட்டைக் காப்பி பண்ணி மெட்டீரியல் பேரை மட்டும் மாத்துறவங்களை நிறையப் பார்க்கலாம். எஸ்.எஸ்ல வித்தியாசம் 2 சதவீதத்துக்குள்ள அடங்கிடும், யாரும் கவனிக்க மாட்டாங்க. அலுமினியத்துல மூணு மடங்கு ஏறிடும்.

தர்மபுரி வெல்டிங்
அப்போ பில் எந்த எடைக்கு? கணக்கு எடைக்கா, மேடை எடைக்கா? 47 கிலோ யார் தலையில?

பிளேட் கட்டிங்
ஆர்டர்ல என்ன எழுதியிருக்கோ அது. எழுதலேன்னா சண்டைதான்.

ஓசூர் ஃபேப்ரிகேஷன்
அஞ்சு பிளேட் வெட்டி முடிஞ்சுது. ஒண்ணுல ஒரு துண்டு மிச்சம். விளிம்பெல்லாம் கேஸ் கட்டிங் கசடு, அங்க வெச்சா 8.3 காட்டுது. கசடைத் தட்டிட்டு உள்ள தள்ளி மைக்ரோமீட்டர் வெச்சா நாலு இடத்துலயும் 7.7 பக்கம். ஆனா நீளம், அகலம் அளக்கவே இல்ல. ஆறாவது பிளேட் முழுசா சுவத்துல சாய்ஞ்சு கிடக்கு, நாளைக்குக் காலைல டேப் போட்டுச் சொல்றேன்.