பின்னால் வந்து விழும் புள்ளிக்கு ஒரு சொல் வேண்டும்

தலவாக்கலையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரட்டுக்களத்து நாட்களைத் தன் கையாலேயே எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னார். தட்டச்சு அவருக்கு வராது. டேப்லெட்டில் பேனாவால் எழுதினால் அச்செழுத்தாக மாறும் வசதியைப் பழக்கிக் கொடுத்தேன். அவர் செக்ரோல் எழுதிய கையால் வரி முழுவதையும் ஒரே ஓட்டத்தில் எழுதி முடித்து, பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி வந்து புள்ளிகளைக் குத்திக்கொண்டே போவார்.

நேற்று அவர் எழுதிய வரி: "மழையால் அரைப் பேர் போட்டார்கள்." அரை நாள் வேலை கணக்கில் ஏறியது என்று பொருள். டேப்லெட் தந்தது:

```
மழையால் அரைப் போ போட்டார்கள் ......
```

அந்த வரியில் ஆறு புள்ளிகள். ஆறும் வரியின் கடைசியில் முற்றுப்புள்ளிகளாக வந்து நிற்கின்றன. நடுவில் "பேர்" என்பது "போ" ஆகிவிட்டது. ஒரு நாள் உழைப்பைக் குறிக்கும் சொல் அது, அப்பாவின் முகம் வாடிவிட்டது.

இப்படிப் பிறகு வந்து சேரும் கோட்டையும் புள்ளியையும் ஆங்கிலத்தில் டிலேய்ட் ஸ்ட்ரோக் என்கிறார்கள். அப்பாவைப் போன்ற பெரியவர்களுக்காகக் கையெழுத்து உள்ளீட்டுக்கு ஒரு சிறு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் "தாமதக் கீற்று" என்று போடலாமா?

ஹட்டனிலிருந்து

அண்ணா, இந்தத் தாமதக் கீற்றால் நானும் நிறையப் பட்டிருக்கிறேன். என் டேப்லெட்டில் பேனாவை இழுத்தால் கோடு ஒரு விரற்கடை பின்னால்தான் வருகிறது. வேகமாக எழுதினால் இன்னும் மோசம். பேட்டரி சேமிப்பு முறையை நிறுத்திப் பாருங்கள். எனக்கு அதன் பிறகு ஓரளவு குறைந்தது. பேனா முனை தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பதுளையிலிருந்து

தம்பிமார் இருவருக்கும்,

நான் தமிழ் படிப்பித்தவன், கணினி எனக்குப் புதிது. இருந்தாலும் இதன் வேர் எழுத்து வரிசையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். "பே" எழுதும்போது நாம் முதலில் இரட்டைக்கொம்பை எழுதி, அதன் பிறகு பகரத்தை எழுதுகிறோம். கணினியோ பகரத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் சேமிக்கிறது. ஆகவே கொம்பும் பிந்திய கீற்றுத்தான். அந்தக் குழப்பத்திலேயே "பேர்" சிதைந்திருக்க வேண்டும்.

சொல்லைப் பற்றியும் ஒன்று. புள்ளியை நாங்கள் குற்று என்றும் சொல்வோம். "பின்குற்று" என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

கண்டியிலிருந்து

ஆசிரியர் ஐயா, சேமிக்கும் வரிசை பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் கொம்பு பிந்தி வருவதில்லை. கை இடமிருந்து வலமாகப் போகும்போது கொம்பு தன் இடத்தில், தன் முறையில்தான் விழுகிறது. அதைப் பகரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்தை அடையாளம் கண்ட பிறகு நடக்கும் வேலை, அது ஒழுங்காக நடந்துவிடும். அப்பாவின் புள்ளிக்கு வந்த தொல்லை வேறு.

பேனா முனை கண்ணாடியில் பட்டு எழும் வரை ஒரு கீற்று. ஒவ்வொரு கீற்றும் புள்ளிப் புள்ளியாக, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற கணக்கோடு நிரலுக்குப் போகிறது. கை சற்று நேரம் நின்றால், எழுதி முடிந்தது என்று எண்ணி அதுவரை வந்த கீற்றுகளை எழுத்தாக மாற்றித் திரையைத் துடைத்துவிடுகிறது. அப்பா வரியின் கடைசியிலிருந்து தொடக்கத்துக்குக் கையைக் கொண்டுவரும் இடைவெளி அதற்குப் போதும். பிறகு வரும் புள்ளிகளுக்குக் கீழே எழுத்தே இல்லை. அதனால் அவை முற்றுப்புள்ளிகள் ஆகின்றன.

புள்ளியே போய்ச் சேராதபோது "மழையால்" எப்படிச் சரியாக வந்தது என்று கேட்பீர்கள். "மழையால" என்று ஒரு சொல் இல்லாததால் நிரல் தன் சொல்லறிவைக் கொண்டு புள்ளியைத் தானே இட்டுக்கொண்டது. "போட்டார்கள்" என்பதிலும் அப்படித்தான். வேகமாக எழுதும் கையில் ரகரத்தின் அடிச்சாய்வு விழுவதில்லை, அது பார்வைக்கு அரவுதான். "டா"வுக்குப் பின் இன்னோர் அரவு வர முடியாது, ஆகவே அது "ர்" என்று நிரல் சரியாக ஊகித்தது. ஆனால் "பேர்" என்பதில் இரட்டைக்கொம்பு, பகரம், அரவு என்று மூன்றும் சேர்ந்தால் "போ" என்ற நல்ல தமிழ்ச் சொல் கிடைத்துவிடுகிறது. சந்தேகப்பட நிரலுக்குக் காரணமே இல்லை. அந்த ஒரு புள்ளி சேமிப்பில் செய்யும் வேறுபாட்டைப் பாருங்கள்:

```
போ   U+0BAA U+0BCB
பேர்  U+0BAA U+0BC7 U+0BB0 U+0BCD
```



பழைய தமிழ்த் தரவுகளிலும் இது வெளியே தெரியவில்லை. 2006இல் நடந்த தமிழ்க் கையெழுத்துப் போட்டியில் 156 வடிவங்களை எடுத்துக்கொண்டார்கள். கொம்பும் அரவும் அதில் தனி வடிவங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டதால் புள்ளி அந்த எழுத்தைத் தாண்டிப் போக வழியே இல்லை. வரியாக எழுதும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

தம்பி, உங்கள் விசைப்பலகையின் கையெழுத்து அமைப்பில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட முடிகிறதா என்று பாருங்கள். முற்றுப்புள்ளிகள் மறைந்தால் நான் சொன்ன காரணம் சரி.

"தாமதக் கீற்று" வேண்டாம் என்பதற்கு ஹட்டன் தம்பியின் கடிதமே சான்று. அவர் சொன்னது திரையின் தாமதம். இங்கே பேனா பின்னோக்கித் திரும்புகிறது. ஆகவே "மீள்கீற்று" என்பேன். "பின்குற்று" அழகான சொல்தான். ஆனால் ஆங்கில டி எழுத்தின் குறுக்குக் கோட்டையும் இதே பெயரால்தான் அழைக்க வேண்டும், அது குற்று அல்ல.

தலவாக்கலையிலிருந்து

அக்கா, நேரத்தைக் கூட்டினேன். முற்றுப்புள்ளிகள் போய்விட்டன, "பேர்" வந்துவிட்டது. அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆனால் அடுத்த வரியில் "தொடர் மழை" என்று எழுதினார், வந்தது "தொடர மழை". அதுவும் சரியான சொல் ஆகையால் பிழைதிருத்தியும் சும்மா இருந்தது. உற்றுப் பார்த்தேன். வேகத்தில் அவருடைய புள்ளி ரகரத்தைத் தாண்டி, இரண்டு சொற்களுக்கும் நடுவில் விழுந்திருந்தது. சொல் முடிந்ததும் புள்ளியை இட்டால் சரியாக வருகிறது. ஆனால் இத்தனை வருடக் கையை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மீள்கீற்று" என்றால், ஏற்கெனவே எழுதியதன் மேல் மறுபடி எழுதுவது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? மீள்பதிவு, மீள்பார்வை எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன. அப்பா மங்கிய எழுத்தின் மேல் திரும்ப இழுக்கும் பழக்கமும் உள்ளவர், அதற்கும் ஒரு பெயர் வேண்டும். நாம் பேச்சில் பிந்தி வந்தான் என்கிறோம். "பிந்துகீற்று" எப்படி?

பதுளையிலிருந்து

கொம்பு பற்றி அந்தப் பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். "பிந்துகீற்று" காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வடமொழியில் பிந்து என்றால் புள்ளி. படித்தவர்கள் புள்ளிக்கீற்று என்று பொருள் கொள்வார்கள், குறுக்குக் கோடு மறுபடியும் வெளியே நின்றுவிடும்.

கண்டியிலிருந்து

ஐயா சொல்வது உண்மை. ஆனாலும் எழுதுபவருக்கு உடனே விளங்கும் என்பதால் "பிந்துகீற்று" பக்கம் சாய்கிறேன். "மீள்கீற்று" என்பதை மேலே மறுபடி இழுப்பதற்கே கொடுத்துவிடலாம். தம்பி, அப்பாவின் "தொடர் மழை"யை எழுதியபடியே, கீற்றுகள் எழுதப்பட்ட வரிசையோடு சேமித்து அனுப்ப முடியுமா? புள்ளி எவ்வளவு விலகினால் எழுத்தை விட்டுப் போகிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.

ஹட்டனிலிருந்து

நான் கேள்வியை மாற்றிப் புரிந்துகொண்டேன், மன்னியுங்கள். எங்கள் அம்மாவும் வரி முடிந்த பிறகுதான் புள்ளி வைப்பார். அவருடைய எழுத்திலும் இரண்டு வரிகள் எடுத்து அனுப்புகிறேன். அவர் புள்ளி வைப்பது வலமிருந்து இடமாக.