பணிக்கொடை நட்டம் ரூ. 36 லட்சம் லாப நட்டக் கணக்கிலிருந்து ஏன் வெளியே போக வேண்டும்? பிற முழுமையான வருமானம் எனப்படும் ஓ.சி.ஐ. பற்றி உதவி தேவை

கோவை கணக்கர்:
அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு வார்ப்பட ஆலையில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம் எங்களைத் துணை நிறுவனமாக்கிக்கொண்டதால், இந்த ஆண்டு முதல் பழைய கணக்கியல் தரநிலையான ஏ.எஸ். முறையை விட்டு, புதிய தரநிலையான இண்ட் ஏ.எஸ். முறைக்கு மாறுகிறோம். பணிக்கொடைக்குத் தனி நிதி எதுவும் இல்லை, முழுவதும் ஒதுக்கீடுதான்.

ஆண்டுத் தொடக்கத்தில் பொறுப்பு ரூ. 400 லட்சம், எதிர்காலப் பொறுப்பை மதிப்பிடும் ஆக்சுவரியின் அறிக்கைப்படி ஆண்டு முடிவில் ரூ. 480 லட்சம். மார்ச் கடைசியில் ஓய்வு பெற்றவர்களுக்கு ரூ. 30 லட்சம் கொடுத்தோம். எப்போதும் செய்வதுபோல், கொடுத்த 30-ஐயும் கூடிய 80-ஐயும் சேர்த்து ரூ. 110 லட்சத்தை ஊழியர் செலவில் எழுதினேன். வரிக்கு முந்தைய லாபம் ரூ. 290 லட்சம் வந்தது. தணிக்கையாளர் அதில் 36 லட்சத்தை எடுத்து ஓ.சி.ஐ.-யில் போடச் சொல்கிறார். அப்படிச் செய்தால் லாபம் 326 ஆகிவிடுகிறது. முதலாளிக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பொறுப்பு உண்மையாகவே கூடியிருக்கும்போது அந்த நட்டத்தை லாபத்தில் காட்டாமல் விடுவது எனக்கு மறைப்பதுபோல் தோன்றுகிறது. தவிர, டேலியில் பதிவு போட்ட பிறகும் லாபம் 290-லேயே நிற்கிறது. அது ஏன் என்றும் புரியவில்லை.

பயிற்சி மாணவி:
கைக்கு வராத லாபமும் கையை விட்டுப் போகாத நட்டமும் ஓ.சி.ஐ.-க்குப் போகும் என்றுதான் எங்கள் வகுப்பில் சொன்னார்கள், ஐயா. இந்த 36 லட்சத்தை நீங்கள் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கும் ஆண்டில் அது லாப நட்டக் கணக்குக்கு வந்துவிடும்.

சிறுதொழில் கணக்கர்:
இதில் குழப்பமே வேண்டாம். நாங்கள் பத்திருபது ஊழியர்களுக்கு ஏ.எஸ். 15-இன்படிதான் செய்கிறோம், ஆக்சுவரி சொல்லும் லாப நட்டம் முழுவதும் அந்தந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கில்தான் போகும். உங்கள் 110 சரிதான், தணிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
சிறுதொழில் கணக்கர் சொல்வது ஏ.எஸ். 15-க்குப் பொருந்தும், கேள்வி கேட்டவர் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டார். இண்ட் ஏ.எஸ். 19-இல் உங்கள் தணிக்கையாளர் சொல்வதே சரி. மாணவி சொன்னது பலரும் சொல்லும் பாதி உண்மை. லிக்விட் ஃபண்டில் போட்ட பணத்தின் மதிப்பு மார்ச் 31-இல் கூடியிருந்தால், யூனிட்டை விற்காமலேயே அந்த லாபம் லாப நட்டக் கணக்கில் ஏறுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய டாலர் பாக்கியை ஆண்டு முடிவு விகிதத்தில் மாற்றும்போதும் அப்படித்தான். ஆகவே கைக்கு வந்ததா இல்லையா என்பது இங்கே அளவுகோல் அல்ல. பணிக்கொடையைப் பொறுத்தவரை, பணம் கொடுக்கும் ஆண்டிலும் இந்த 36 லட்சம் லாப நட்டக் கணக்குக்குத் திரும்பி வரவே வராது. தரநிலை அதைத் தடுக்கிறது.

உங்கள் 110-ஐப் பிரித்துப் பார்ப்போம். அறிக்கையில் நடப்புப் பணிச் செலவு என்று ஒரு வரி இருக்குமே, அது எவ்வளவு? எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்த தள்ளுபடி விகிதம் எவ்வளவு?

கோவை கணக்கர்:
பணிச் செலவு ரூ. 46 லட்சம். விகிதம் தொடக்கத்தில் 7 சதவீதம், முடிவில் 6.6 சதவீதம். மேலும், சென்ற ஆண்டு சம்பளம் 7 சதவீதம் உயரும் என்று அனுமானித்திருந்தோம். தொழிற்சங்கத்துடன் போட்ட ஒப்பந்தத்தால் 12 சதவீதம் உயர்ந்தது.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
அப்படியானால் கணக்குத் தானாகவே பிரிந்துவிடுகிறது. தொடக்கப் பொறுப்பு 400-க்கு 7 சதவீத வட்டி 28. நீங்கள் பணம் கொடுத்தது ஆண்டுக் கடைசியில் என்பதால் முழு ஆண்டு வட்டியே பொருந்தும். 400 உடன் 28-ஐயும் 46-ஐயும் கூட்டி, கொடுத்த 30-ஐக் கழித்தால் 444. ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்த அனுமானங்கள் அப்படியே நடந்திருந்தால் முடிவில் இருந்திருக்க வேண்டிய பொறுப்பு அதுதான். இருப்பதோ 480. இடைவெளியான 36-தான் மறுமதிப்பீட்டு நட்டம். விகிதம் 0.4 சதவீதம் குறைந்ததால் சுமார் 15 லட்சமும், சம்பளம் எதிர்பார்த்ததைவிடக் கூடியதால் சுமார் 21 லட்சமும் வந்திருக்கும். அறிக்கையின் பிற்பகுதியில் இந்த இரண்டு எண்களும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது உங்கள் 'ஏன்' என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் தொழிலாளர்கள் இந்த ஆண்டு வேலை செய்ததால் சேர்ந்த உரிமை 46. பழைய கடன் ஓர் ஆண்டு நெருங்கி வந்ததால் ஏறிய வட்டி 28. இந்த 74 அடுத்த ஆண்டும் ஏறத்தாழ இதே அளவில் வரும் என்பதால், லாபத்தைப் பார்த்து ஆலையின் போக்கை எடைபோடுகிறவருக்கு அது பயன்படும். அரசுக் கடன் பத்திரங்களின் வருவாய் விகிதம் இறங்கியதால் வந்த 15 லட்சத்துக்கும் உங்கள் உலைக்களத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடுத்த ஆண்டு விகிதம் ஏறினால் அதே 15 லாபமாகத் திரும்பலாம். ஊழியர்கள் இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துப் பெறப்போகும் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும்போது விகிதத்தில் சிறு அசைவும் பெரிய தொகையாகிவிடும். அந்த அசைவு இவ்வாண்டு உற்பத்தியின் லாபத்தை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதைத் தனியே காட்டச் சொல்கிறார்கள். இதில் மறைப்பு ஏதுமில்லை: 480 முழுவதும் இருப்புநிலைக் குறிப்பில் நிற்கிறது, 36 அதே லாப நட்ட அறிக்கையின் கீழ்ப் பகுதியில் வருகிறது, மொத்த முழுமையான வருமானம் மாறவே இல்லை.

வரியையும் மறக்காதீர்கள். உங்கள் விகிதம் 25.168 சதவீதமாக இருந்தால், 36-க்கான ஒத்திவைக்கப்பட்ட வரி 9.06 லட்சமும் கூடவே ஓ.சி.ஐ.-க்கு நகர வேண்டும். லாபம் வரிக்குப் பின் 26.94 கூடும், ஓ.சி.ஐ. அதே 26.94 குறையும்.

வங்கிக் கருவூலப் பணியாளர்:
எங்கள் வங்கியில் 2024 ஏப்ரல் முதல் விற்பனைக்கு உள்ள பத்திரங்களின் மதிப்பு மாற்றத்தை லாப நட்டக் கணக்கைத் தொடாமல் நேரே ஒரு காப்புக்குக் கொண்டுபோகிறோம்; ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் அது. ஆனால் கடன் பத்திரத்தை விற்கும் நாளில் காப்பில் இருந்த தொகை லாப நட்டக் கணக்குக்கு வந்துவிடுகிறது. பணிக்கொடை மட்டும் ஏன் வராது?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
நல்ல கேள்வி. பத்திரத்தை விற்கும் நாள் என்று ஒரு நாள் இருக்கிறது. எந்தப் பத்திரம், எவ்வளவு என்பதும் தெரிகிறது. ஆயிரம் பேருக்கான பணிக்கொடைப் பொறுப்பில் 2019-இல் வந்த நட்டம் எந்த ஆண்டில், யாருக்குப் பணம் கொடுத்தபோது 'முடிந்தது' என்று எப்படிச் சொல்வீர்கள்? நியாயமான வழி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாததால் திருப்பக் கூடாது என்று வைத்தார்கள். இதனால்தான் ஓ.சி.ஐ. பகுதியில் 'பின்னர் லாப நட்டத்துக்கு மாற்றப்படாதவை', 'மாற்றப்படுபவை' என இரு தலைப்புகள் இருக்கின்றன. உங்கள் 36 முதல் தலைப்பின் கீழ் வரும்.

பயிற்சி மாணவி:
எனக்கு ஒரு நெருடல், ஐயா. விகிதத்தால் வந்த 15 சந்தையின் கையில் இருப்பது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 21 லட்சம் நிர்வாகமே கையெழுத்திட்ட சம்பள ஒப்பந்தத்தால் வந்தது. அது உண்மையான ஊழியர் செலவுதானே? அது எந்த ஆண்டிலும் லாப நட்டக் கணக்கைத் தொடாமலே போய்விடுகிறதே?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். தரநிலை இந்த 21-ஐயும் ஓ.சி.ஐ.-க்குத்தான் அனுப்புகிறது, எனக்கு அது முழுத் திருப்தி தருவதில்லை. சம்பள உயர்வு அனுமானத்தை வேண்டுமென்றே குறைத்து வைக்கும் நிர்வாகத்துக்கு, பணிச் செலவு சிறியதாகத் தெரியும், ஆண்டுதோறும் மிச்சம் ஓ.சி.ஐ. வழியாக நழுவும். இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஐந்து ஆண்டு ஆக்சுவரி அறிக்கைகளை அடுக்கி வைத்து, அனுமானித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியால், அதாவது அனுபவத்தால் வந்த லாப நட்டத்தை மட்டும் பாருங்கள். ஏறி இறங்கினால் பரவாயில்லை. ஐந்து ஆண்டும் நட்டமாகவே இருந்தால் அனுமானம் பொய் சொல்கிறது என்று பொருள். நான் தணிக்கையில் இருந்தபோது சம்பள ஒப்பந்தத்தின் நகலைக் கேட்காமல் ஆக்சுவரி அறிக்கையை ஏற்றதில்லை.

இன்னொன்றையும் இதோடு குழப்ப வேண்டாம். திட்டமே மாறினால், அது ஓ.சி.ஐ. அல்ல. 2018 மார்ச் 29 முதல் சட்டப்படியான பணிக்கொடை உச்சவரம்பு 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்ந்தபோது கூடிய பொறுப்பு கடந்தகாலப் பணிச் செலவு. முழுவதும் லாப நட்டக் கணக்கில்தான் போக வேண்டும்.

கோவை கணக்கர்:
15, 21 இரண்டும் அறிக்கையில் அப்படியே இருக்கின்றன, மிக்க நன்றி. அதே அறிக்கையில் விடுப்புச் சம்பளத்துக்கும் ரூ. 9 லட்சம் ஆக்சுவரி நட்டம் காட்டியிருக்கிறார்கள். அதையும் ஓ.சி.ஐ.-யில் சேர்த்துவிடலாமா?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
கூடாது. சேர்த்து வைக்கும் விடுப்பு, வேலை செய்யும் காலத்திலேயே எடுக்கக்கூடிய நீண்டகாலப் பலன். அதன் மறுமதிப்பீடு முழுவதும் லாப நட்டக் கணக்கிலேயே இருக்கும். ஒரே அறிக்கையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் இந்தப் பிழை மிகச் சாதாரணமாக நடக்கிறது.

சிறுதொழில் கணக்கர்:
டேலியில் லாபம் நகராததற்குக் காரணம் ஓ.சி.ஐ. லெட்ஜரை எந்தக் குழுவில் திறந்தீர்கள் என்பதாக இருக்கும். `Indirect Expenses` கீழ் திறந்திருந்தால், ஊழியர் செலவில் 36-ஐ வரவு வைத்து இன்னொரு செலவில் பற்று வைத்ததாகத்தான் ஆகும். லாபம் 290-லேயே நிற்கும். `Reserves & Surplus` கீழ் மாற்றிப் பாருங்கள். ஓ.சி.ஐ. அறிக்கையை மட்டும் எக்செலில் கையால் போட வேண்டியிருக்கும்.

கோவை கணக்கர்:
அதுவேதான் பிழை. மாற்றியதும் 326 வந்துவிட்டது. தக்கவைத்த லாபத்தின் அசைவும் லாபம், ஓ.சி.ஐ. இரண்டையும் கூட்டினால் பொருந்துகிறது.

மேலும் இரண்டு ஐயங்கள். சென்ற ஆண்டு பழைய முறையில் ரூ. 8 லட்சம் ஆக்சுவரி லாபம் லாப நட்டக் கணக்கில் போயிருக்கிறது. ஒப்பீட்டு ஆண்டு என்பதால் அதையும் மாற்ற வேண்டுமா? விற்பனை மேலாளரின் ஊக்கத்தொகை 'நிகர லாபத்தில் இத்தனை சதவீதம்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதற்கு 290-ஐ எடுப்பதா 326-ஐ எடுப்பதா?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
முதலாவதற்கு ஆம். முதன்முறை மாறும்போது ஒப்பீட்டு ஆண்டையும் இண்ட் ஏ.எஸ்.-இலேயே காட்ட வேண்டும் என்பதால், அந்த 8-ஐயும் அதற்கான வரியையும் ஓ.சி.ஐ.-க்கு நகர்த்தி, பழைய லாபத்திலிருந்து புதிய லாபத்துக்கு எப்படி வந்தோம் என்ற ஒத்திசைவில் ஒரு வரியாகக் காட்டுங்கள். மொத்தப் பங்குதாரர் நிதி மாறாது. இரண்டாவது, கணக்கியல் தரநிலை பதில் சொல்லும் கேள்வி அல்ல. அந்த ஒப்பந்தம் பழைய முறை நடப்பில் இருந்தபோது எழுதப்பட்டதா?

கோவை கணக்கர்:
ஆம், ஐயா. ஓ.சி.ஐ. என்ற சொல்லே அதில் இல்லை. மேலாளர் 326 என்கிறார். முதலாளி 290 என்கிறார்.

வங்கிக் கருவூலப் பணியாளர்:
உங்கள் கடன் ஒப்பந்தத்திலும் 'நிகர லாபம்' என்ற சொல் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வங்கி எந்த எண்ணைக் கேட்கும் என்பது அதற்கு எழுதிய விளக்கத்தைப் பொறுத்தது.