இழை: 'பாசிவ் அடாப்டர்' – செயலற்ற தகவி என்று எழுதலாமா?

கயல்விழி:

வணக்கம். வெளித்திரை வேலை செய்யாதபோது என்ன பார்ப்பது என்ற உதவிப் பக்கத்தைத் தமிழாக்கி வருகிறேன். ஒரு வாக்கியம் இடிக்கிறது. இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

> மடிக்கணினியில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்து, திரையில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருந்தால், செயலற்ற தகவி வழியே படம் வராது. செயலுறு தகவி தேவை.

சரிபார்த்த இருவருமே "செயலற்ற தகவி" என்றால் பழுதாகிப்போன தகவி என்று புரிந்துகொண்டார்கள். "கெட்டுப்போன அடாப்டரில் படம் வராது என்பதை ஏன் எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மாற்றுச் சொல் வேண்டும்.

முத்துக்குமார்:

இதில் குழப்பமே இல்லை. பாசிவ் என்றால் தனி மின்சாரம் வேண்டாதது. "மின் வேண்டா அடாப்டர்", "மின் வேண்டும் அடாப்டர்" என்று போடுங்கள், எல்லோருக்கும் புரியும். கூடவே ஒரு யுஎஸ்பி வால் தொங்கினால் அது ஆக்டிவ். கடையில் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம்.

அருளாளன்:

முத்துக்குமார் சொல்வது நீங்கள் எழுதும் இந்தத் திசைக்குப் பொருந்தும், கயல். மற்றபடி பொருந்தாது. எச்டிஎம்ஐ துளையிலிருந்து 5 வோல்ட் வரத்தான் செய்கிறது. ஆனால் தரநிலை உறுதியளிப்பது 55 மில்லியாம்பியர்தான். ஒரு மாற்றுச் சிப்பை ஓட்ட அது போதாது என்பதால்தான் எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் அடாப்டர்களில் பொதுவாக யுஎஸ்பி வால் இருக்கும். யுஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டரில் வால் இருக்காது, ஆனால் அதுவும் ஆக்டிவ்தான். துளையிலேயே தேவையான மின்சாரம் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

"சிப் உள்ளது, சிப் இல்லாதது" என்று பிரித்தாலும் தவறாகும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் மலிவான பாசிவ் கேபிளிலும் மின்மட்டத்தைச் சரிசெய்யும் சிறு சிப் ஒன்று உண்டு.

உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது? டிஸ்ப்ளேபோர்ட் படத்தைச் சிறுசிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. எச்டிஎம்ஐ 2.0 வரை அந்த முறை கிடையாது. படப்புள்ளிகள் ஒரு கடிகாரத் துடிப்போடு சேர்ந்து நேராக ஓடிவரும். கணினியின் டிஸ்ப்ளேபோர்ட் துளை பல சமயம் இரண்டு முறையிலும் பேசும். துளை அருகே டிபி எழுத்துகளோடு இரண்டு கூட்டல் குறி இருந்தால் அந்த வகை. பாசிவ் கேபிள் செருகப்பட்டதைக் கண்டதும் கணினியே எச்டிஎம்ஐ முறைக்கு மாறிவிடுகிறது. மாற்றும் வேலையைச் செய்வது கணினி, கேபிள் அல்ல.

அதே கேபிளைத் திருப்பிப் போட்டால், அதாவது மடிக்கணினியில் எச்டிஎம்ஐ முனை, திரையில் டிஸ்ப்ளேபோர்ட் முனை என்று செருகினால், எச்டிஎம்ஐ துளைக்குப் பொட்டல முறை தெரியாது, டிஸ்ப்ளேபோர்ட் திரைக்கு எச்டிஎம்ஐ முறை தெரியாது. திரையின் விவரப் பட்டியலைக் கணினி கேட்டு வாங்கும் வழியும் இரண்டிலும் வேறு. எனவே பெரும்பாலும் கணினிக்குத் திரை இருப்பதே தெரிவதில்லை, திரையோ `No Signal` காட்டிவிட்டு உறங்கிவிடும். இரண்டு முனையும் கச்சிதமாகப் பொருந்துவதால் கேபிளை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதுதான் இதில் கொடுமை.

லினக்ஸில் இப்படிப் பார்க்கலாம்:

```
grep . /sys/class/drm/card*-*/status
```

திரையின் உள்ளீட்டுத் தேர்வு சரியாக இருந்தும், செருகிய துளைக்கு நேரே `disconnected` என்று வந்தால் அடாப்டரின் திசையைப் பாருங்கள். `connected` என்று வந்து படம் மட்டும் இல்லையென்றால் சிக்கல் வேறிடம்.

ஆக, சொல்லும் இந்த வேலையைச் சொல்ல வேண்டும். நெறிமுறையை மாற்றுவது நெறிமாற்றி. மின்மட்டத்தை மட்டும் மாற்றுவது மட்டமாற்றி. என் முன்மொழிவு இது.

சேவியர்:

'மட்டமாற்றி' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்தால் ஒருவரும் வாங்க மாட்டார்கள் ஐயா! மட்டமான சரக்கு என்றுதான் தோன்றும். நெறிமாற்றி நன்றாக இருக்கிறது. மற்றதற்கு முனைமாற்றி என்று வைக்கலாமே? செருகும் முனையின் வடிவத்தை மட்டும் மாற்றுகிறது என்று பொருள் தரும்.

ஜெயந்தி:

தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், சரியான இடமா தெரியவில்லை. என்னுடையதும் செயலற்ற அடாப்டர்தானா என்று சொல்லுங்கள். மடிக்கணினியில் யுஎஸ்பி-சி, அதில் ஒரு ஹப், ஹப்பிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக 4கே திரை. படம் வருகிறது, ஆனால் மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்கிறது. அமைப்பில் 30 ஹெர்ட்ஸ் மட்டுமே இருக்கிறது, 60 என்ற தேர்வே இல்லை. கேபிளை மாற்றியும் பார்த்தாயிற்று.

சேவியர்:

ஜெயந்தி, கேபிள்தான். புதியது என்றாலும் பழைய வகையாக இருக்கும். 2.1 கேபிள் என்று கேட்டு வாங்குங்கள், 60 வந்துவிடும்.

அருளாளன்:

சேவியர், அவர் எழுதியதில் ஒரு துப்பு இருக்கிறது: 60 என்ற தேர்வே *பட்டியலில் இல்லை*. எச்டிஎம்ஐயில் பட்டியலைத் தீர்மானிப்பது திரை தரும் விவரமும், இடையில் உள்ள சிப்பும், கணினியின் துளையும்தான். சாதாரணக் கம்பிக் கேபிள் தன் தரத்தை யாரிடமும் சொல்வதில்லை, அதைக் கணினியால் படிக்கவும் முடியாது. கேபிள் தரம் போதாதென்றால் பட்டியலில் 60 இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்துப்போகும், அல்லது வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது அவ்வப்போது ஒரு நொடி படம் அறுந்து திரும்பும். பட்டியலிலேயே இல்லாத ஒன்றைப் புதுக் கேபிள் கொண்டுவராது.

(டிஸ்ப்ளேபோர்ட்டில் கதை சற்று வேறு. அங்கே இணைப்பு தொடங்கும்போதே இரு முனைகளும் வேகத்தைச் சோதித்துக்கொள்கின்றன. மோசமான கேபிளில் வேகம் இறங்கி, பட்டியலும் சுருங்கலாம்.)

அப்புறம், எச்டிஎம்ஐ கேபிளில் பதிப்பு எண்ணை நம்ப வேண்டாம். அதிகாரபூர்வ முத்திரையில் எண் இருக்காது, `Premium High Speed` அல்லது `Ultra High Speed` என்று இருக்கும். 4கே 60க்கு முதலாவதே போதும்.

ஜெயந்தி, லினக்ஸ் என்றால் `xrandr` வெளியீட்டை ஒட்டுங்கள். விண்டோஸ் என்றால் `Advanced display` பக்கத்தில் `Active signal mode` வரியைப் பாருங்கள். உண்மையில் திரைக்குப் போவது அந்த வரியில்தான் இருக்கும்.

ஜெயந்தி:

```
DP-2 connected 3840x2160+1920+0
   3840x2160     30.00*+  25.00    24.00
   2560x1440     59.95
   1920x1080     60.00    50.00
```

அருளாளன்:

உடுக்குறி இப்போது ஓடுவதைக் காட்டுகிறது. எச்டிஎம்ஐ திரையைச் செருகியும் பெயர் `DP-2` என்று வருவதைக் கவனியுங்கள். கணினி டிஸ்ப்ளேபோர்ட்டாகத்தான் அனுப்புகிறது, ஹப்பில் உள்ள சிப் அதை எச்டிஎம்ஐ ஆக்குகிறது. எனவே உங்களுடையது செயலற்றது அல்ல, அசல் நெறிமாற்றி. சிக்கல் அதன் கொள்ளளவில்.

4கே படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரப் பகுதியையும் சேர்த்தால் ஒரு சட்டகம் 4400 × 2250 புள்ளி. நொடிக்கு 30 முறை என்றால் 297 மெகாஹெர்ட்ஸ், 60 முறை என்றால் 594. எச்டிஎம்ஐ 1.4 வகைச் சிப்பின் உச்சம் 340. முப்பது அதற்குள் அடங்கும், அறுபது அடங்காது. 2560×1440க்கு 60 கிடைப்பதும் இதனால்தான். அதற்கு ஏறத்தாழ 241 போதும்.

சிப் 2.0 வகையாக இருந்தும் 30லேயே நிற்க இன்னொரு காரணம் உண்டு. யுஎஸ்பி-சியில் அதிவேகத் தடங்கள் நான்கு. ஹப்பில் வேகமான யுஎஸ்பி 3 துளைகள் இருந்தால் பொதுவாக இரண்டு தடம் அவற்றுக்குப் போய்விடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் மிச்சமுள்ள இரண்டு தடத்தில் நொடிக்கு 8.64 கிகாபிட்தான் போகும். 4கே 60க்கு 12.8 வேண்டும். மடிக்கணினியும் ஹப்பும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்தில் பேசினால் அதே இரண்டு தடம் 12.96 தரும், மயிரிழையில் தப்பிக்கும். ஒரே ஹப் ஒரு கணினியில் 30ம் இன்னொன்றில் 60ம் காட்டுவது இப்படித்தான்.

எது உங்கள் வழக்கு என்பதை ஹப்பின் விவரத்தாளில் பாருங்கள். 4கே 30 என்று எழுதியிருந்தால் அதோடு முடிந்தது. 4கே 60 என்றிருந்தால், திரையின் சொந்த மெனுவில் எச்டிஎம்ஐ 1.4, 2.0 என்று தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது 1.4ல் இருந்தால் திரையே 60ஐச் சொல்லாமல் மறைத்துவிடும். அதை மாற்ற ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை.

ஜெயந்தி:

ஹப்பின் அடியிலேயே பொடி எழுத்தில் `4K@30Hz` என்று இருக்கிறது! இத்தனை நாள் திருப்பிப் பார்க்கவே இல்லை. யுஎஸ்பி-சியிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் வாங்கினால்? திரையில் அந்தத் துளை இருக்கிறது.

அருளாளன்:

அதுதான் நல்ல வழி. இடையில் எச்டிஎம்ஐ சிப் இல்லை, நான்கு தடமும் படத்துக்கே கிடைக்கும். சில கேபிள்கள் இரு திசையிலும் ஓடும், சில ஒரு திசையில் மட்டும். "யுஎஸ்பி-சியிலிருந்து" என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள்.

முத்துக்குமார்:

சொல்லுக்கு வருவோம். நெறிமாற்றிக்கு என் மறுப்பு இல்லை. மின்சாரம் பற்றி நான் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதும் சரி. ஆனால் முனைமாற்றி வேண்டாம். பள்ளிப் புத்தகத்தில் நேர்முனை, எதிர்முனை என்று படித்தவர்கள், மின்முனைகளைத் தலைகீழாக்கும் கருவி என்று நினைப்பார்கள்.

சேவியர்:

திரை கேபிள் பற்றிய பக்கத்தில் யார் மின்கல முனையை நினைப்பார்கள்? டிவிஐயிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் அடாப்டருக்கு அந்தச் சொல் அச்சாகப் பொருந்துகிறது. அங்கே படத்துக்கான கம்பிகள் அப்படியே நேராகப் போகின்றன, முனை மட்டும்தான் மாறுகிறது.

கயல்விழி:

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நெறிமாற்றியை எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு முடிவு வரும்வரை பெயர் வைக்காமலே எழுதிவிடுகிறேன்:

> எச்டிஎம்ஐ மடிக்கணினியை டிஸ்ப்ளேபோர்ட் திரையோடு இணைக்க நெறிமாற்றி அடாப்டர் தேவை. அது பெரும்பாலும் யுஎஸ்பி வாலோடு வரும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு என விற்கப்படும் சாதாரணக் கேபிளைத் திருப்பிச் செருகினால் படம் வராது.

ஜெயந்தியின் கேள்வியால் இன்னொரு பத்தியும் சேர்கிறது: "60 பட்டியலில் இல்லையா, தேர்ந்தெடுத்ததும் படம் போகிறதா?" என்று தொடங்கப்போகிறேன். அதில் அடுத்த தலைவலி காத்திருக்கிறது. 'ரெஃப்ரெஷ் ரேட்'டுக்குப் புதுப்பிப்பு வீதம் என்று போட்டால் மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று படிக்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.